அப்பாவின் வங்கிக் கணக்கில் மொபைல் எண், கையெழுத்து மாற்றணும்: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்கு 74 வயசு, ஓய்வூதியக் கணக்கு அரசு வங்கியில். போன வருஷம் போன் தொலைஞ்சப்போ அவசரத்துக்குப் புது சிம் வாங்கிட்டோம். பழைய எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்காம விட்டது என் தப்பு. ரீசார்ஜ் இல்லாம அது நின்னுபோச்சு. நேத்து அந்த எண்ணுக்கு அடிச்சேன், யாரோ ஒரு பெண் எடுத்தாங்க. பணம் எடுத்தா வர்ற எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் இனி அவங்களுக்குத்தான் போகும். புது போன்ல யுபிஐயும் பதிவாகல. ஆதார்லயும் பழைய எண்தான், அதையும் தனியா மாத்தணும்.

இன்னொரு சிக்கல் கையெழுத்து. பக்கவாதத்துக்கு அப்புறம் அப்பாவுக்கு வலது கை நடுங்குது. மருத்துவமனைக்குக் கொடுத்த 18,000 ரூபாய் செக் ‘கையெழுத்து வேறுபடுகிறது’னு திரும்பி வந்துடுச்சு, அபராதமும் பிடிச்சாங்க. பழைய கையெழுத்துல கடைசி எழுத்தை மேலே சுழிச்சிருப்பார். இப்போ அது நேர்கோடா நிக்குது.

எண்ணுக்கும் கையெழுத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், பாஸ்புக், ஆதார், பான் நகல், அதோட அதிகாரி முன்னாடியே மாதிரிக் கையெழுத்து போடணும்னு கிளையில சொல்றாங்க. அப்பாவால மாடிப்படி ஏற முடியாது. 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரணும்னு ரிசர்வ் வங்கி 2017-லயே சொல்லியிருக்கு. கையெழுத்து மாற்றத்துக்கு அப்படி அதிகாரியை வரவழைச்சவங்க இருக்கீங்களா? யார்கிட்ட எழுதிக் கொடுத்தீங்க? கைநாட்டுக்கு மாறிட்டா செக் வசதி போயிடுமா?