மறு: ‘கால்சைன்டு கிளே’ – நீற்றிய களிமண் என்று எழுதலாமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அனைவருக்கும் வணக்கம். கட்டுமானக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்சி3 சிமெண்ட் பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். பாதி கிளிங்கர் எனும் சூளையில் சுட்ட சிமெண்ட் கட்டி, ஏறக்குறைய 30 விழுக்காடு கால்சைன்டு கிளே எனும் சூடேற்றிய களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மீதி ஜிப்சம். இதற்கென்று 2023இல் IS 18189 தரமும் வந்துவிட்டது, தமிழில்தான் பெயர் இல்லை. சித்த மருத்துவத்தில் நீற்றுதல் என்றால் புடமிட்டுப் பொடியாக்குவது என்பதால் ‘நீற்றிய களிமண்’ என்று வைத்திருக்கிறேன். ‘லோ கார்பன் சிமெண்ட்’டுக்குத் ‘தாழ்கரிம சிமெண்ட்’. சரிதானா?

ஓய்வுபெற்ற உருக்காலை ஊழியர், சேலம்:
எஃகில் கரிமம் குறைந்தால் வளையும், கூடினால் உடையும். சிமெண்டில் ஏது கரிமம்? தாழ்கரிமம் என்றதும் கம்பியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன்.

தளப் பொறியாளர், திருச்சி:
ஐயா, சிமெண்டுக்குள் இருக்கும் கரிமத்தைச் சொல்லவில்லை, சூளை கக்கும் கரியமில வாயுவைச் சொல்கிறார்கள். கிளிங்கருக்குச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி வரை கொண்டுபோகிறோம். எரிபொருள் புகை ஒருபக்கம் இருக்க, கல்லே வாயுவைக் கக்கும். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும், அதிலிருந்து போவது நீர் மட்டும். ஆனால் உங்கள் ஐயம் நியாயம்தான். ‘தாழ்உமிழ்வு’ என்றால் இந்தக் குழப்பம் வராது.

‘நீற்றிய’ வேண்டவே வேண்டாம். எங்கள் கொத்தனார்களுக்கு நீற்றுவது என்றால் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றுவது. ‘நீற்றிய களிமண்’ என்று மூட்டையில் அச்சடித்தால் ஏற்கெனவே தண்ணீர் பட்ட சரக்கு என்பார்கள். இந்த சிமெண்டில் தண்ணீர்தான் வம்பே.

போன ஏப்ரலில் ஒரு வீட்டு ரூஃப் போட்டோம். 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு, அதாவது தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45. களிமண் துகள் மிக நுண்ணியது, தட்டுத்தட்டாக இருக்கும், தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கலவை கெட்டியாகத் தெரியவே மிக்சர்காரர் மூட்டைக்கு நாலு லிட்டர் சேர்த்துவிட்டார். 26.5ஐ 50ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.53. வலு அங்கேயே போச்சு. சேர்க்கவேண்டியது தண்ணீர் இல்லை, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர். அதுவும் வழக்கமான அளவு போதாது, முதல்நாளே ஒரு சோதனைக் கலவை போட்டு அளவைப் பிடிக்க வேண்டும்.

அடுத்த கூத்து தேய்ப்பில். மேலே சிமெண்ட் பால் கசிந்து வரட்டும் என்று கொத்தனார் கரணையோடு காத்திருந்தார். இதில் அது அநேகமாக வராது. வெயிலும் காற்றும் மேற்பரப்பை உலர்த்த, இரண்டு மணி நேரத்துக்குள் தலைமுடி போல் விரிசல் ஓடிவிட்டது. மறு ரூஃபில் மட்டப்பலகை இழுத்த கையோடு பிளாஸ்டிக் தாள் மூடினோம், தேய்க்கிற இடத்தை மட்டும் திறந்தோம். விரிசல் இல்லை.

வேதியியல் ஆசிரியர், மதுரை:
எளிமையாகச் ‘சுட்ட களிமண்’ என்று சொல்லலாமே! நம்மிடம் சுர்க்கி இருந்ததே. முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும்தானே. இந்த மாதிரிக் கலப்பு சிமெண்ட் எல்லாமே மெதுவாகத்தான் இறுகும், அதனால் சென்ட்ரிங்கை நாள் தள்ளிப் பிரித்தால் சரியாகிவிடும்.

தளப் பொறியாளர், திருச்சி:
சுர்க்கியை நினைவுபடுத்தியது அருமை, ஐயா. ஆனால் அது செங்கல் தூள். செங்கல் சூளையில் சூடு ஒரே சீராக இராது, அளவு மீறிச் சுட்ட களிமண் செத்துவிடும், சுண்ணாம்போடு சேராது. ‘சுட்ட களிமண்’ என்று படித்துவிட்டு யாராவது செங்கல் பொடியைக் கொட்டிவிடுவார்களோ என்று பயம்.

எல்லாம் மெதுவு என்பதும் பாதிதான் சரி. மண்ணில் கயோலின் என்ற வெண்களிமண் கனிமம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எல்சி3 ஏழாம் நாளிலேயே சாதா சிமெண்டை எட்டிப்பிடிக்கும். முதல் ஓரிரு நாள்தான் பின்தங்கும். நீங்கள் சொல்வது இரும்பு உலையில் மிஞ்சும் ஸ்லாக் கலந்த சிமெண்டுக்குப் பொருந்தும்.

ஒப்பந்ததாரர், தூத்துக்குடி:
ஸ்லாக் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஸ்லாக் சிமெண்டில் தூண் போட்டுப் பலகையைப் பிரித்தால் உள்ளே நீலப்பச்சை! வீட்டுக்காரம்மா, “பூஞ்சை பிடித்த சிமெண்டா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். காற்றுப் பட்டால் சில நாளில் சாம்பல் நிறம் வந்துவிடும் என்று சொன்னால் நம்பவில்லை, வந்த பிறகுதான் பணம் கொடுத்தார். இதைப் போய் நீங்கள் ‘கசடு சிமெண்ட்’ என்று எழுதினால் என்னிடம் யார் வீடு கட்டுவார்கள்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
‘நீற்றிய’ போயிற்று. ‘வாட்டிய களிமண்’ எப்படி? செங்கல் அளவுக்குச் சுடவில்லை என்பது தெரியும்.

உருக்காலை ஊழியர், சேலம்:
800 டிகிரியில் வாட்டுவதா! வாழையிலையா அது?

தளப் பொறியாளர், திருச்சி:
எனக்கு ‘பதச்சூட்டுக் களிமண்’ பிடிக்கிறது. குறைந்தாலும் கூடினாலும் கெடும் என்பது பெயரிலேயே இருக்கிறது. நீளம்தான். திங்கட்கிழமை கொத்தனாரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அதுவரை கையேட்டில் ‘பதச்சூட்டுக் களிமண்’ என்று பென்சிலில் எழுதிவைக்கிறேன். ஸ்லாக்குக்குக் கசடு வேண்டாம் என்றால் வேறு என்ன? ‘உலைக்கசடு’ என்றால் தூத்துக்குடி அண்ணன் கோபம் தணியுமா?

ஒப்பந்ததாரர், தூத்துக்குடி:
தணியாது.