புதுப் பச்சரிசி குழைகிறது: தண்ணீரைக் குறைப்பதா, விசிலைக் குறைப்பதா?

குக்கரில் பச்சரிசிச் சாதம் வைப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

இதுவரை எங்கள் வீட்டில் ஒரு வருடம் பழகிய பொன்னிப் பச்சரிசிதான். ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் ஊறல், குக்கருக்குள் பாத்திரம் வைத்து மூன்று விசில். ஆவி தானாக அடங்கியதும் திறந்தால் உதிரி உதிரியாக இருக்கும்.

தை அறுவடை முடிந்து ஊரிலிருந்து புது அரிசி வந்ததும் இந்தக் கணக்கு எடுபடவில்லை. அதே அளவில் வைத்தால் மேலே கஞ்சி, அடியில் களி. ரசத்துக்குப் பரவாயில்லை, எலுமிச்சை சாதத்தை நினைக்கவே வேண்டாம்.

புது அரிசியில் ஈரம் இருப்பதால் தண்ணீர் குறைவாகத்தான் இழுக்கும், சரி. அதனால் ஒன்றே முக்கால் டம்ளர் ஊற்றி, ஊற வைக்காமல் மூன்று விசில் விட்டுப் பார்த்தேன். பருக்கையை நசுக்கினால் ஓரம் குழைந்திருக்கிறது, நடுவில் வெள்ளையாக ஒரு முனை கடிபடுகிறது. இரண்டு டம்ளர், இரண்டு விசில் என்றால் ஓரளவு தேவலை. ஆனால் ஆவி அடங்கும்வரை விட்டால் அந்தச் சூட்டிலேயே இன்னும் வெந்து ஒட்டிக்கொள்கிறது.

புது அரிசியை நீங்கள் ஊற வைப்பீர்களா? இரண்டு விசிலுக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் ஆவியை எடுத்துவிடலாமா? பாத்திரம் இல்லாமல் குக்கரிலேயே நேரடியாக வைப்பவர்கள் அதைக் குறிப்பிட்டு அளவு சொல்லுங்கள், அந்தக் கணக்கே வேறு. அப்புறம், பழைய அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்துவிடச் சொல்கிறார் மாமியார். இரண்டும் ஒன்றாக வேகுமா?