2.8-ஆ, 0.77-ஆ? எந்த எஃபெக்ட் சைஸை எழுதினீர்கள்?

பெருந்துறை, எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாமாண்டு

ரத்தம் ஏற்றும்போது வரும் எதிர்விளைவை அடையாளம் காண்பது பற்றி பி.எஸ்சி. மாணவிகளுக்கு சிமுலேஷன் வகுப்பு எடுத்தேன். குழுவுக்கு 14 பேர், சீட்டுக் குலுக்கிப் பிரித்தது. 30 மதிப்பெண் வினாத்தாள். சிமுலேஷன் குழு சராசரி 13.0-இலிருந்து 21.4-க்குப் போனது; வழக்கமான வகுப்புக் குழு 13.2-இலிருந்து 18.2-க்கு. போஸ்ட் டெஸ்ட் எஸ்.டி. முறையே 3.6, 4.4. பேர்டு டெஸ்ட்டில் என் குழுவுக்கு d 2.8 என்று SPSS காட்டுகிறது. இரு குழுக்களையும் ஒப்பிட்டால் 0.80 தான். நீங்கள் எதைப் போட்டீர்கள்?

நாமக்கல், ட்யூட்டர்

என் வைவாவில் வந்த எக்ஸ்டர்னல் இதைத்தான் பிடித்தார். சின்ன மாதிரிக்கு d தப்பு, Hedges' g தான் போடணும் என்றார். g போட்டுவிட்டால் வேலை முடிந்தது. 0.8-ஐத் தொட்டால் பெரிய விளைவு என்று எழுதிக்கோங்க.

திருப்பூர், ஸ்டாஃப் நர்ஸ்

நானும் 0.8 போட்டேங்க. குழுவுக்கு 26 பேர் என்று வந்தது. எங்கள் வார்டில் அத்தனை பேரைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கோவை, புள்ளியியல் ஆசிரியர்

திருப்பூர் சிஸ்டர் சொல்வது ஆய்வுக்கு முன்னால் மாதிரி அளவு கணக்கிட எடுத்துக்கொள்ளும் எண். இங்கே கேட்பது முடிந்த பிறகு எழுதும் எண். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஒரு மாணவி பழைய தீசிஸிலிருந்து 2.8 போன்ற ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, குழுவுக்கு நாலு பேர் போதும் என்று என்னிடம் வந்து நின்றார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இதே பேர்டு டெஸ்ட்.

உங்கள் அட்டவணையில் `Standardizer` என்ற பத்தியைப் பாருங்கள். 3.0 என்று இருக்கும். 8.4 மதிப்பெண் உயர்வை அதால் வகுத்துத்தான் 2.8 வந்தது. அது மாணவிகளின் மதிப்பெண் எஸ்.டி. இல்லை, ஒவ்வொருவரின் உயர்வுக்கான எஸ்.டி. முன்பு நன்றாக எழுதியவரே பின்பும் நன்றாக எழுதினால் அது சுருங்கும், d ஊதும். அதைவிட முக்கியம், சிமுலேஷன் இல்லாத குழுவும் 5 மதிப்பெண் ஏறியிருக்கிறது. அதே வினாத்தாளை இரண்டாம் முறை எழுதியது, வழக்கமான வகுப்பு, எல்லாம் சேர்ந்தது. உங்கள் 8.4-க்குள்ளும் அது இருக்கிறது. ஒப்பீட்டுக் குழு வைத்த பிறகு அதை மறந்துவிட்டு எழுதினால் எதற்கு வைத்தோம்?

ஆகவே 21.4-இல் 18.2 போனால் 3.2. இரு குழுக்களின் எஸ்.டி.யையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4.02. வகுத்தால் 0.80. g-க்கான திருத்தம் 1 − 3/(4×26 − 1), அதாவது 0.97. பெருக்கினால் 0.77.

நாமக்கல் மேடம், g போடுவது சரிதான், ஆனால் அது திருத்துவது இந்த மூன்று சதவீதத்தைத்தான். தப்பான எஸ்.டி.யால் வகுத்திருந்தால் அதைக் காப்பாற்றாது. பெரியது, சிறியது என்பதும் அப்படித்தான். இதன் 95% இடைவெளி சுமார் 0.01 முதல் 1.54 வரை. ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதிலிருந்து மிகப் பெரியது வரை எல்லாம் உள்ளே அடங்குகிறது. 28 பேரை வைத்துக்கொண்டு அதற்கு ஒரு பெயர் சூட்ட நான் தயங்குவேன்.

கோபி, நர்சிங் பேராசிரியை

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் ஆய்வில் பயிற்சி பெற்ற எல்லோரும் 30-க்கு 27, 28 என்று குவிந்துவிட்டார்கள். அந்தக் குழுவின் எஸ்.டி. ஒன்றைச் சுற்றி வந்தது. அதைச் சேர்த்து வகுத்தபோது g தாறுமாறாக எகிறியது. வினாத்தாள் எளிதாக இருந்ததுதான் காரணம், எங்கள் பயிற்சி இல்லை. அதிலிருந்து நான் ஒப்பீட்டுக் குழுவின் எஸ்.டி.யால் மட்டும் வகுக்கிறேன். இவருக்கு 3.2/4.4, அதாவது 0.73.

கோவை, புள்ளியியல் ஆசிரியர்

உச்சத்தில் குவிந்தால் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் 14 பேரின் எஸ்.டி. ஒன்றையே நம்பினால் அது ஆட்டம் காணும். இங்கே 3.6, 4.4 இரண்டும் அவ்வளவு தூரமில்லை.

பெருந்துறை, எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாமாண்டு

நன்றிங்க சார். ப்ரீ டெஸ்டைச் சேர்த்து அன்கோவா போடவும் கைடு மேடம் சொல்கிறார். அதில் எதால் வகுப்பது?

கோவை, புள்ளியியல் ஆசிரியர்

சரிசெய்த வித்தியாசத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதே சாதாரண மதிப்பெண் எஸ்.டி. அன்கோவாவின் எச்சத்திலிருந்து வரும் எஸ்.டி. சிறியது, மறுபடி ஊதல்தான். போஸ்ட் டெஸ்ட் எஸ்.டி.யா, ப்ரீ டெஸ்ட் எஸ்.டி.யா என்பதில் எங்கள் துறையிலேயே ஒத்த கருத்து இல்லை. எதுவானாலும் எழுதிவிடுங்கள். இப்போதைக்கு இப்படி:

"30-க்கு 3.2 மதிப்பெண் வித்தியாசம் (95% இடைவெளி 0.1 முதல் 6.3); Hedges' g = 0.77 (0.01 முதல் 1.54), இரு குழுக்களின் போஸ்ட் டெஸ்ட் எஸ்.டி.யைச் சேர்த்து வகுத்தது."

கோபி, நர்சிங் பேராசிரியை

சராசரியும் எஸ்.டி.யும் குழுவாரியாக அட்டவணையில் இருக்கட்டும். என் மாதிரி ஆட்கள் 0.73-ஐ நாங்களே போட்டுக்கொள்வோம்.