பட்டாணி ஊறிய தண்ணீர்: இது சாயம்தானா?

சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க, உரித்த பச்சைப் பட்டாணியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்த படங்கள் இவை. முதல் படத்தில் தண்ணீர் நீலம் கலந்த பச்சை, இரண்டாவதில் வெறும் கலங்கல். இலைப்பச்சையம் தண்ணீரில் கரையாது; அதனால் முதலாவது மாலகைட் பச்சை மாதிரி சாயமென்றே தோன்றுகிறது. குழப்புவது மூன்றாவது படம். லேசான பச்சைதான், ஆனால் அடியில் கிடக்கும் பட்டாணியின் நிறமே கண்ணாடியில் தெரிகிறதோ என்னவோ. மேலே மஞ்சள் பல்பு வேறு. பட்டாணியின் பளபளப்பை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஈரத்தோல் மேல் ஃபிளாஷ் பட்டாலே மின்னும்.

பட்டாணியை வடித்துவிட்டு, அந்தத் தண்ணீரை மட்டும் வெள்ளைத்தாள் மேல், பக்கத்தில் நல்ல தண்ணீர் டம்ளரோடு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா? இதேபோல் சாயம் இருக்கிறதா என்று லிக்விட் பாராஃபினில் நனைத்த பஞ்சால் வெண்டைக்காய்த் தோலைத் தேய்த்துப் பார்த்தவர்களும் பஞ்சின் படத்தைப் போடுங்கள்.