பச்சைப் புள்ளியை எந்தச் சொல்லால் எழுதுவது?

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்:
தோட்டப் பாடசாலைப் பெற்றோருக்கான கைபேசிக் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. ஒரு செயலி பின்னணியில் ஓடும்போது திரையின் வலது மேல் மூலையில் பச்சைப் புள்ளி நிற்கும் அல்லவா, அதை ‘கமரா அணுகல் காட்டி’ என்று எழுதியிருக்கிறேன். வாசித்துப் பார்த்த ஒரு தாய், “கமராவுக்கு நாங்கள் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று காட்டுகிறதா?” என்று கேட்டார்.

பதுளை, கைபேசி திருத்துபவர்:
அவர் கேட்டது சரியான கேள்வி. ‘அணுகல்’ அனுமதியையும் குறிக்கும், பயன்படுத்துவதையும் குறிக்கும். புள்ளி இரண்டாவதை மட்டுமே காட்டுகிறது. பத்துச் செயலிகளுக்குக் கமரா அனுமதி இருந்தாலும், அவற்றில் ஒன்று கமராவைத் திறக்கும்வரை புள்ளி வராது. திறந்ததும் சிறிய கமராப் படம் தோன்றி, பிறகு புள்ளியாகச் சுருங்கும். மூடியபின்னும் சில விநாடி நிற்கும். ‘கமராத் திறப்புக் காட்டி’ என்றால் குழப்பம் வராது.

பண்டாரவளை:
எனக்கு ‘கண்காணிப்புக் காட்டி’ பிடிக்கிறது. பின்னணியில் இருக்கும் செயலி களவாகப் படம் எடுத்தால்தானே புள்ளி வரும்? எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கட்டும்.

நுவரெலியா, ஆசிரியை:
மலையகத்தில் அந்தச் சொல் வேண்டாம். ‘கண்காணிப்பு’ என்றதும் இங்கே கங்காணி நினைவுக்கு வருவார். பிள்ளையோடு வீடியோவில் பேசும் அம்மா புள்ளியைக் கண்டு யாரோ பார்க்கிறார் என்று பயந்து அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

பதுளை, கைபேசி திருத்துபவர்:
டீச்சர் சொல்வதோடு இன்னொன்றும் இருக்கிறது. ‘பின்னணி’ என்ற சொல்தான் பண்டாரவளை நண்பரை வழிதவறச் செய்திருக்கிறது. 2018இல் வந்த அண்ட்ரொய்ட் 9 முதல், முழுதாகப் பின்னால் போய்விட்ட செயலியால் கமராவைத் திறக்க முடியாது. அப்படியானால் புள்ளி ஏன் நிற்கிறது? வட்ஸ்அப் வீடியோ அழைப்பை எடுங்கள். பேசிக்கொண்டே முகப்புக்குப் போனால் அழைப்பு ஒரு சிறிய மிதக்கும் சட்டமாகிறது. சட்டம் திரையில் தெரிவதால் செயலி இன்னும் பின்னணிக்குப் போகவில்லை, கமராவும் ஓடும். சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கமரா நின்றாலும் குரல் தொடர்ந்தால் புள்ளி நிற்கும். அண்ட்ரொய்டில் மைக்குக்கும் பச்சைதான்.

எது ஓடுகிறது என்று அறிய மேலிருந்து திரையை இழுத்து, மூலையில் உள்ள படத்தைத் தொடவேண்டும். கமராவா மைக்கா என்பதும் செயலியின் பெயரும் அங்கே வரும். புள்ளி மறைந்துவிட்டால் அமைப்புகளில் `Privacy dashboard` பாருங்கள். கடந்த 24 மணிநேரத்தில் எந்தச் செயலி எப்போது எடுத்தது என்று நேரத்தோடு இருக்கும். அழைப்போ பதிவோ இல்லாத நேரத்தில் அறியாத செயலியின் பெயர் இருந்தால், அதன் அனுமதியை எடுத்துவிட்டுச் செயலியை நீக்குங்கள்.

மஸ்கெலியா:
என் தம்பியின் பெயருக்குப் பக்கத்திலும் பச்சைப் புள்ளி நாள் முழுக்க இருக்கிறது. அவன் கமராவும் திறந்தபடிதான் கிடக்கிறதா?

நுவரெலியா, ஆசிரியை:
இல்லை. அது அரட்டைச் செயலி போடும் புள்ளி, அவர் இணைப்பில் இருக்கிறார் என்று சொல்கிறது. நாங்கள் பேசுவது திரையின் மேல் ஓரத்தில் போன் தானே போடும் புள்ளியை. ஆனால் உங்கள் கேள்வியால் ஒன்று தெளிவாகிறது. ‘பச்சைப் புள்ளி’ என்று மட்டும் தலைச்சொல் வைக்க முடியாது. ஐபோனிலோ மைக் மட்டும் ஓடினால் செம்மஞ்சள், கமரா ஓடினால்தான் பச்சை. நிறத்தைப் பெயராக்கினால் பாதிப் போன்களுக்குப் பொருந்தாது.

பண்டாரவளை:
என் போனில் புள்ளியே வந்ததில்லை. அப்படியென்றால் யாரும் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதுளை, கைபேசி திருத்துபவர்:
முதலில் அண்ட்ரொய்ட் பதிப்பைப் பாருங்கள். இந்தப் புள்ளி 2021இல் வந்த 12ஆம் பதிப்போடுதான் வந்தது. 11 ஓடும் போனில் கமரா திறந்தாலும் வராது. கையேட்டில் இந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தோட்டங்களில் பழைய போன்களே அதிகம் கைமாறுகின்றன.

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்:
மைக்கும் சேர்வதால் ‘கமராத் திறப்புக் காட்டி’ குறுகிவிடுகிறது. ‘புலன் திறப்புக் காட்டி’ என்றால் கண், காது இரண்டும் அடங்குமா?

நுவரெலியா, ஆசிரியை:
அடங்கும். ஆனால் ‘புலன்’ பெற்றோருக்குப் பாடப்புத்தகச் சொல். நான் ‘திறப்புப் புள்ளி’ என்பேன். ‘கமராத் திறப்புப் புள்ளி’, ‘மைக் திறப்புப் புள்ளி’ என்று தேவைக்கேற்ப முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

பதுளை, கைபேசி திருத்துபவர்:
இங்கே ‘திறப்பு’ என்றால் சாவி, டீச்சர். ‘கமராத் திறப்பு’ என்றதும் கடைக்கு வருகிறவர் சாவியைத்தான் நினைப்பார். நான் முதலில் சொன்னதற்கும் அதே குறைதான்.

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் தலைச்சொல்லைத் திறந்தே வைக்கிறேன். உள்ளே வரும் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “இந்தப் புள்ளி தெரிந்தால், ஏதோ ஒரு செயலி இப்போது கமராவையோ மைக்கையோ பயன்படுத்துகிறது, அல்லது சற்று முன் பயன்படுத்தியது.” ‘புழக்கப் புள்ளி’ என்றும் ஒன்று தோன்றுகிறது. அந்தத் தாயிடமே இரண்டையும் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.