ரேட்டிங் மாறவில்லை, இன்கிரிமென்ட் மட்டும் குறைந்தது

மல்லிகைப்பந்தல்
அப்ரைசல் முடிந்த கையோடு மேனேஜர் "உங்களுக்கு 8% வரும்" என்று சொல்லிவிட்டார். டீமில் நாலு பேர், டாப் ரேட்டிங் எனக்கு மட்டும். கடிதத்தில் பார்த்தால் 6.67%. ரேட்டிங் அப்படியே இருக்கிறது! போய்க் கேட்டேன். "உங்களுடையதை யாரும் தொடவில்லை. கடைசி மீட்டிங்கில் இன்னொருவருக்கும் டாப் கொடுத்தோம், அவ்வளவுதான்" என்றார். அந்த "அவ்வளவுதான்" இன்னும் உறுத்துகிறது. அவருக்கு ஏறினால் எனக்கு ஏன் இறங்க வேண்டும்? எங்கள் இருவருக்கும் சம்பளம் 50,000. மற்றவர்களுக்கு 60,000, 40,000. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சம்பளப்பிரிவு
எனக்கு நடக்கவில்லை. ஆனால் பிறருக்கு இதே கணக்கை வருஷாவருஷம் போடுகிறவன் நான். உங்கள் 8, 6.67 இரண்டையும் பார்த்தாலே புரிகிறது: டாப்புக்கு வெயிட் 2, மற்றவர்களுக்கு 1, பட்ஜெட் மொத்தச் சம்பளத்தில் 5%. அதாவது 2,00,000-க்கு 10,000.

ஒவ்வொருவர் சம்பளத்தையும் அவரவர் வெயிட்டால் பெருக்கிக் கூட்டுவோம். முதலில் உங்களுக்கு மட்டும் 2, ஆகவே கூட்டுத்தொகை 2,50,000. அதில் 10,000 என்பது 4%. வெயிட் 1 என்றால் 4%, 2 என்றால் 8%. இன்னொருவருக்கும் 2 ஆனதும் கூட்டுத்தொகை 3,00,000. பட்ஜெட் அதே 10,000தான், அதனால் அடிப்படை 3.33%. உங்கள் 4,000 இப்போது 3,333. மற்ற இருவருக்கும் குறைந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். நாலு பேருக்கும் டாப் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் ஒரே 5%தான். உங்கள் மேனேஜர் ரேட்டிங் முடிவாகும் முன் சதவீதத்தைச் சொன்னதுதான் தப்பு.

நேர்மை_நேசன்
இதெல்லாம் சப்பைக்கட்டு. டாப்புக்கு 8%, மற்றவருக்கு 4% என்று முன்னாடியே அறிவித்துவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை. எங்கள் பழைய ஆபீஸில் அப்படித்தான், யார் ரேட்டிங் ஏறினாலும் என் பங்கு குறைந்ததே கிடையாது.

சம்பளப்பிரிவு
உங்கள் பங்கு குறைந்திருக்காது, சரி. இந்த டீமில் அதையே செய்தால் 12,000 ஆகும். கூடுதல் 2,000 எங்கிருந்து வரும்? உங்கள் பழைய ஆபீஸில் ஒருவேளை ரேட்டிங்குக்கே கோட்டா வைத்திருப்பார்கள். "நாலு பேரில் ஒருவருக்குத்தான் டாப்" என்று. அப்போது குறைவது சதவீதம் இல்லை, உங்கள் ரேட்டிங். அது வெளியே தெரியாது, அவ்வளவே.

நேர்மை_நேசன்
கோட்டா இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

புதுவரவு
நான் வருஷத்தின் நடுவில் சேர்ந்தேன். டாப் ரேட்டிங், ஆனால் பாதிதான் வந்தது. அதுவும் இன்னொருவருக்கு ஏற்றியதால்தானா?

எக்செல்_எழிலன்
புதுவரவு, உங்களுடையது வேறு கதை. வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப வெட்டியிருப்பார்கள். ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் மேனேஜர் ஷீட்டைத் திறந்து காட்டியபோது பட்டியலில் கடைசியில் இருந்தவருக்கு நேராக மொத்த பட்ஜெட்டும் அப்படியே நின்றது. முதல் ஆளுக்குச் சரியான தொகை. கீழே போகப்போக எல்லாருக்கும் இருக்க வேண்டியதைவிட அதிகம். அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. கடைசி ஆள் மட்டும் "எனக்குச் சம்மதம்" என்றார். பார்த்தால் வகுக்கும் இடத்தில் டாலர் குறி இல்லை. ஃபார்முலாவைக் கீழே இழுக்க இழுக்க, கூட்டும் வரிசையும் ஒவ்வொரு கட்டமாக நழுவி, கடைசியில் அவரை அவராலேயே வகுத்திருக்கிறது. மல்லிகைப்பந்தலின் டீமுக்கு எழுதினால் இப்படி இருக்க வேண்டும் (F1-ல் பட்ஜெட், B-யில் சம்பளம், C-யில் வெயிட்):

```
=$F$1*B2*C2/SUMPRODUCT($B$2:$B$5,$C$2:$C$5)
```

போட்டதும் எல்லாருடைய தொகையையும் கூட்டுங்கள். F1-ஐத் தாண்டினால் எங்கோ நழுவியிருக்கிறது. ஆனால் வெயிட்டையே தப்பாகப் போட்டிருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது. கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும், பங்குகள்தான் இடம் மாறியிருக்கும். அதனால் டாப் ரேட்டிங்காரரின் சதவீதம் மற்றவருடையதைப் போல் சரியாக இரண்டு மடங்கா என்றும் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் அந்த விகிதம் பொருந்தவில்லை என்றால் அவருடைய வரிசையைத் தோண்டுங்கள். அப்புறம் ரவுண்டிங்: எல்லாரையும் மேல்நோக்கி அடுத்த நூறுக்கு ஏற்றினால் பட்ஜெட் தாண்டும்...

மல்லிகைப்பந்தல்
எழிலன், நான் ஷீட் போடுகிறவள் இல்லை, வாங்குகிறவள். சம்பளப்பிரிவு சொன்னபடி 40,000காரரிடம் கேட்டேன். அவருக்கு வந்தது 1,333. முதலில் 1,600 என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

நேர்மை_நேசன்
பார்த்தீர்களா, அதைத்தான் நானும் சொன்னேன்.