ஆணி ஏறிவிட்டது, டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி கடைசியாக எப்போது என்று தெரியவில்லை: உங்களுக்கு என்ன செய்தார்கள்?

பலகைக்காரன்

பழைய மரப்பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கழற்றிய பலகை ஆணியோடு மல்லாந்து கிடந்ததைப் பார்க்காமல் மிதித்துவிட்டேன். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு இடது பாதத்தில் இரண்டு செ.மீ. போல ஏறிவிட்டது. நல்ல துரு. பிடுங்கியதும் இரண்டு சொட்டு இரத்தம்தான் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை கால் ஊன்ற முடியவில்லை. பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். "கடைசியா டிடி எப்ப போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஞாபகம் இல்லை, எப்பவோ போட்டிருப்பேன்" என்றேன். கையில் ஒரு ஊசி, ஐந்து நாளுக்கு மாத்திரை, முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. "எப்பவோ போட்டிருப்பேன்" என்று சொன்னேனே, அது என் யூகம். எனக்கு வயது 52. சின்ன வயதில் என்ன போட்டார்கள் என்று சொல்ல அம்மா இல்லை, அட்டையும் இல்லை. தேதி தெரியாதவர்களுக்கு இந்த ஒரு ஊசி போதும்தானா? இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சைக்கிள் மாமா

துருதான் சார் விஷம். அது இரத்தத்தில் கலப்பதற்குள், 24 மணி நேரத்துக்குள், ஊசி போட்டுவிட வேண்டும். தாண்டினால் போட்டும் பிரயோஜனம் இல்லை. நீங்கள் மறுநாள் மாலையே போனதால் பரவாயில்லை. நான் எது குத்தினாலும் அன்றே போட்டுவிடுவேன். ஆறு மாதம்தான் அதன் சக்தி.

நைட் டியூட்டி

விபத்துப் பிரிவில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பலகைக்காரன் தம்பி, உங்கள் உறுத்தல் சரிதான்.

"கடைசியா எப்ப?" என்பது பழக்கத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு முன்னால் "மொத்தம் எத்தனை தடவை?" என்று கேட்டிருக்க வேண்டும். தேதி தெரியாது என்று வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்குச் சின்ன வயதில் மூன்று தவணையும் போட்டிருப்பது உறுதி, கடைசி பூஸ்டர்தான் மறந்துபோயிருக்கும். அவருக்கு இன்று ஒரு டிடி போதும். உடம்பு அந்த மருந்தை ஏற்கெனவே அறியும், சில நாட்களில் எதிர்ப்பு மளமளவென்று ஏறிவிடும்.

இன்னொருவருக்கு மூன்று தவணை போட்டதா என்பதே தெரியாது. அவருக்கு இன்று போடும் ஊசி முதல் ஊசியாகவே இருக்கலாம். அதிலிருந்து இந்தக் காயத்துக்கு ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது, அது அடுத்த காயத்துக்கான முதலீடு. அதனால்தான் அவருக்குத் தயார்நிலையில் இருக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின், நாங்கள் டிஐஜி என்போம். வழக்கமான அளவு 250 யூனிட், தசையில், டிடி போட்ட இடத்தை விட்டு வேறு இடத்தில், வேறு சிரிஞ்சில். அது சில வாரம் காவல் நிற்கும்.

காய்கறி நறுக்கும் கத்தியால் விரல் லேசாகக் கீறியிருந்தால் இதெல்லாம் வேண்டாம். சுத்தமான சிறு காயத்துக்கு, தவணை தெரியாதவருக்கும் டிடி மட்டும்தான். உங்களுடையது குறுகலாக ஆழத்துக்குப் போய் வாய் மூடிக்கொண்ட காயம். காற்றுப் புகாத இடம்தான் அந்தக் கிருமிக்குப் பிடிக்கும். நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், "மூன்று தவணை போட்டதற்கு ஆதாரம் இல்லை" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

மாமாவுக்கு: துரு விஷம் இல்லை. கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடந்த ஆணி, அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. மண்ணில் விழுந்த புது ஆணியும் அதே வேலையைச் செய்யும். 24 மணி நேரம் என்று கோடு எதுவும் கிடையாது. சீக்கிரம் போடுவது நல்லது, ஏனென்றால் நஞ்சு நரம்பில் ஒட்டிக்கொண்ட பிறகு எந்த மருந்தாலும் பிரிக்க முடியாது. ஆனால் நோய் தலைகாட்ட பெரும்பாலும் 3 முதல் 21 நாள் ஆகும். நாலாம் நாள் வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டோம்.

சைக்கிள் மாமா

சரி, துரு விஷயத்தில் நான் தோற்றேன். ஆனால் ஆறு மாதக் கணக்கு எனக்கு ஒரு டாக்டரே சொன்னது.

நைட் டியூட்டி

பலர் சொல்கிறார்கள். மூன்று தவணையும் முடித்தவருக்கு, அழுக்குக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் போடுவோம், சுத்தமான காயம் என்றால் பத்து வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை யாருக்கும் தேவைப்படாது.

ஊசிக்குப் பயப்படாதவன்

ஐயோ, மாமாவின் கதைதான் எனக்கும். கம்பி கீறினால் ஊசி, தகரம் கீறினால் ஊசி. இரண்டு வருடத்தில் மூன்று. கடைசியாகப் போட்ட அன்று இரவே தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிவிட்டது, தொட முடியாத வலி. உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பு அதிகமாக இருக்கும்போது திரும்பப் போட்டால் இப்படி ஆகும் என்றார்கள். இனிப் பத்து வருடத்துக்கு, காயமே பட்டாலும் டிடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் எனக்கும் அந்த இன்னொரு ஊசிதான் போடுவார்களா?

நைட் டியூட்டி

இந்தக் கேள்வி தேதி தெரியாதவர்களைப் பற்றியது தம்பி, உங்களுக்கோ தேதி அதிகமாகவே தெரிகிறது. சிறுவயதுத் தவணைகளும் முடிந்திருந்தால் உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த தடவை காட்டுங்கள்.

பழைய ஷூ

நான் வேறு பக்கம் இழுக்கிறேன், மன்னிக்கவும். எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று வருடம் முன்பு ஷூவைத் துளைத்து ஆணி ஏறியது. டிடி ஒழுங்காகப் போட்டேன், டெட்டனஸும் வரவில்லை. நாலு நாளில் வலி குறைந்தது, பத்தாவது நாள் வலி திரும்ப வந்தது. ஷூவின் உள் அட்டையிலிருந்து ஒரு துணுக்கு உள்ளே போயிருந்தது. எலும்புக்குப் போய்விட்டது சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரமான ஷூவுக்குள் அது வாழுமாம். ஆறு வாரம் மருந்து, ஒரு அறுவைச் சிகிச்சை. பலகைக்காரன் சார், ஊசியோடு நிம்மதியாகிவிடாதீர்கள். உங்கள் செருப்பை எடுத்து ஓட்டையைப் பாருங்கள், ரப்பர் முழுதாக இருக்கிறதா என்று. ஆணியின் முனையையும் பாருங்கள்.

பலகைக்காரன்

ஆணி முனை முழுதாக இருக்கிறது. செருப்பில் ஓட்டை சுத்தமாக வட்டமாக இருக்கிறது. அதாவது, அங்கே இருந்த ரப்பர் எங்கேயும் இல்லை. காலையிலேயே கிளம்புகிறேன்.

பலகைக்காரன் (மறுநாள்)

போய்விட்டு வந்தேன். பணி டாக்டர் முதலில் "நேற்றே டிடி போட்டாச்சே" என்றுதான் சொன்னார். அக்கா சொன்ன வார்த்தையைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எந்த வருடம் பிறந்தீர்கள், ராணுவத்தில் இருந்தீர்களா, அறுவைச் சிகிச்சை நடந்ததா, தையல் போடும் அளவுக்குக் காயம் பட்டதா என்று கேட்டார். பத்தொன்பது வயதில் முழங்காலில் தையல் போட்டபோது ஒரு ஊசி போட்டது நினைவுக்கு வந்தது. "அது ஒண்ணு. மீதி ரெண்டு எங்கே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போடலாமே என்று கேட்டேன். முடிவு வரும்வரை காத்திருப்பது இந்த நேரத்தில் சரியல்ல என்றார். தொடையில் டிஐஜி போட்டார்கள். ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் 500 யூனிட் போடலாமா என்று அவரும் இன்னொரு டாக்டரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் 250 போட்டார்கள்.

அப்புறம் செருப்பைக் காட்டினேன். (கையோடு எடுத்துப் போயிருந்தேன். பையில் செருப்பைப் பார்த்து வரவேற்பில் சிரித்தார்கள்.) மரத்துப்போக ஊசி போட்டு, காயத்தின் வாயைக் கொஞ்சம் விரித்துக் கழுவினார்கள். அரிசி அளவில் கறுப்பாக ஒன்று வந்தது, ரப்பர். தையல் போடவில்லை, திறந்தே விட்டார்கள். எக்ஸ்ரேயில் ரப்பர் பெரும்பாலும் தெரிவதில்லையாம், உலோகம் தெரியுமாம். பழைய ஷூ சார், உங்களுக்குத்தான் நன்றி.

நைட் டியூட்டி

நல்லது. 250, 500 இரண்டு வழக்கமும் நான் பார்த்திருக்கிறேன். தாமதமான காயம், மிக அழுக்கான காயம் என்றால் 500 போடுகிற இடங்கள் உண்டு. அதை டாக்டர்களிடம் விட்டுவிடுங்கள். வாய் திறக்கக் கஷ்டம், கழுத்து இறுக்கம், விழுங்கச் சிரமம், இவற்றில் எது வந்தாலும் மூன்று வாரத்துக்குள் என்று மட்டுமல்ல, அதற்குப் பிறகானாலும் உடனே ஓடுங்கள். மாத்திரையைச் சீழுக்காகத்தான் கொடுத்திருப்பார்கள், டெட்டனஸ் ஊசிக்கு அது பதில் ஆகாது.

ஒரு விஷயம் பாக்கி. நேற்று போட்டது முதல் தவணை. நாலு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்றாவது. கால் ஆறியதும் முக்கால்வாசிப் பேர் இரண்டாவதுக்கு வரமாட்டார்கள். அடுத்த ஆணிக்கு மறுபடியும் "ஞாபகம் இல்லை" என்பார்கள்.

இரட்டைப் பின்னல்

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. இரண்டு பிரசவத்துக்கும் கர்ப்பத்தின்போது டிடி போட்டார்கள், முதலாவதில் இரண்டு, அடுத்ததில் ஒன்று. அட்டை தொலைந்துவிட்டது. போன மாதம் தோட்டத்தில் முள்கம்பி குத்தியபோது, காகிதம் இல்லாததைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று ஆரம்பத்திலிருந்து எழுதிவிட்டார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறதே!

நைட் டியூட்டி

நானாக இருந்தால் அந்த மூன்றையும் எண்ணியிருப்பேன். பிரசவ ஊசியும் அதே மருந்துதான், பெண்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். ஆனால் எழுத்து இல்லாததைத் தெரியாததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதிமுறை. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது.

ஊசிக்குப் பயப்படாதவன்

அப்படி எண்ணாமல் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் என் கை வீங்கியது.

இரட்டைப் பின்னல்

அதுதான் எனக்கும் பயம். இரண்டாவதுக்குப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பிரசவம் பார்த்த இடத்தில் பழைய பதிவேடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

பலகைக்காரன் (நாலு வாரம் கழித்து)

இரண்டாவது தவணை போட்டாயிற்று. ஊசி அறையில் "எங்கே காயம்?" என்றார்கள். "ஆறிடுச்சு" என்றேன். "அப்புறம் எதுக்கு ஊசி?" என்றார்கள். சீட்டைக் காட்டி, எண்ணிக்கை கணக்கை விளக்கிச் சொல்லிப் போட்டுக்கொண்டேன். மூன்றாவதுக்கான தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன், அதன் கீழே முதல் இரண்டின் தேதிகளும். அந்தச் செருப்பை மட்டும் இன்னும் தூக்கிப் போட மனசு வரவில்லை.